பன்றிக்குச் சமையற்கழிவு கொடுப்பதும் அதைப் பாதுகாப்பாக வேகவைப்பதும்

திருநெல்வேலிச் சுற்றுவட்டாரத்தில் புதிதாக வெண்பன்றி வளர்க்க வருகிறவர்களில் பெரும்பாலானோர், தவிடும் புண்ணாக்கும் விற்கும் விலையைப் பார்த்துவிட்டு, ஓட்டல்களிலும் கல்யாண மண்டபங்களிலும் மிஞ்சும் சோற்றையும் குழம்பையும் நம்பியே கணக்குப் போடுகிறார்கள். அந்தக் கணக்கு தவறானதன்று. ஆனால் அந்த மிச்சத்தைக் கொண்டுவந்தபடியே தொட்டியில் கொட்டுவதும், அடுப்பில் ஏற்றிச் சற்றே சூடாக்கிவிட்டுக் கொட்டுவதும் ஏறக்குறைய ஒன்றுதான். கழிவின் நடுப்பகுதி உண்மையில் எவ்வளவு சூடாகிறது, வெந்ததோடு வேகாதது எங்கே கலக்கிறது என்ற இரண்டையும் கவனிப்பவரால்தான் இந்தத் தீவனத்தை நம்பித் தொழில் நடத்த முடியும். பத்துப் பன்றிகள் கொண்ட ஒரு சிறு கொட்டிலை எடுத்துக்கொண்டு, ஒரு நாளின் வேலை முழுவதையும் இங்கே எழுதுகிறேன்.

எதற்காக வேகவைக்கிறோம்

கழிவின் வழியாக வரக்கூடியவற்றுள் முதலில் அஞ்ச வேண்டியது ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல். 2020இல் அசாமிலும் அருணாசலப் பிரதேசத்திலும் தென்பட்ட இந்நோய், 2022 ஜூலையில் கேரளத்தின் வயநாட்டுக்கு வந்தது. 2023 தொடக்கத்தில் முதுமலைக் காட்டுப் பன்றிகளிடமும் கண்டறியப்பட்டது. மனிதருக்கு இது தொற்றாது. பன்றிக்கு வந்தால் மருந்து கிடையாது. நம் நாட்டில் போடுவதற்குத் தடுப்பூசியும் இல்லை. பன்றிக் காய்ச்சல் என்ற பழைய நோய்க்குத் தடுப்பூசி உண்டு, அதை எல்லாப் பன்றிகளுக்கும் போடத்தான் வேண்டும்; ஆனால் அந்த ஊசி ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலைத் தடுக்காது. இவ்விரண்டும் வேறு வேறு கிருமிகளால் வருபவை. ஊசி போட்டாகிவிட்டது என்ற நிம்மதியில் வேகவைப்பதைக் கைவிட்ட புதியவர்களைப் பார்த்திருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

இந்தக் கிருமி நோயுற்ற பன்றியின் இறைச்சியிலேயே தங்கிவிடும். உறையவைத்த இறைச்சியில் ஆண்டுக்கணக்கிலும், உப்பிட்டு உலர்த்திய இறைச்சியில் மாதக்கணக்கிலும் அது உயிரோடிருக்கும். எங்கோ தொலைவில் அறுக்கப்பட்ட பன்றியின் ஒரு துண்டு, ஒரு சமையற்கட்டின் கழிவு வாளி வழியாக நம் கொட்டிலுக்கு வந்துவிட முடிவது இதனால்தான். 1957இல் இந்நோய் ஆப்பிரிக்காவை விட்டு முதன்முறையாக வெளியேறி லிஸ்பனுக்குள் நுழைந்ததும், விமானத்தில் மிஞ்சிய உணவைப் பன்றிகளுக்குக் கொடுத்ததால்தான்.

கழிவால் வரும் இன்னொரு பெருநோய் கோமாரி. அது பன்றியோடு நிற்காமல் பக்கத்து வீட்டு மாட்டுக்கும் ஆட்டுக்கும் பரவும். 2001இல் பிரிட்டனில் அறுபது லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகளைக் கொல்லவைத்த கோமாரிப் பரவல், வேகவைக்காத உணவுக்கழிவைத் தின்ற ஒரு பன்றிப் பண்ணையில் தொடங்கியதென்றே அங்கு நடந்த விசாரணை முடிவுக்கு வந்தது. அந்தப் பண்ணைக்கு வேகவைத்த கழிவைக் கொடுக்க உரிமம் இருந்தது. வேகவைக்காததைக் கொடுத்ததுதான் குற்றமாயிற்று. அவ்வாண்டே அந்நாடு பன்றிக்கு உணவுக்கழிவு கொடுப்பதையே தடைசெய்துவிட்டது.

எந்தக் கழிவை வாங்கலாம்

புதியவர் ஒருவர் என்னிடம் கேட்டால், சைவ ஓட்டல், விடுதிச் சமையற்கூடம், சைவச் சாப்பாடு போடும் மண்டபம் ஆகியவற்றிலிருந்து மட்டும் வாங்குங்கள் என்பேன். பிரியாணிக் கடை, புரோட்டாக் கடை, கறிக்கடை, கோழிக்கடை ஆகியவற்றின் கழிவை, வேகவைக்கும் பழக்கம் கைக்குப் படியும்வரை தொடவே வேண்டாம். கறிக்கடைக் கழிவையும் பன்றி இறைச்சி கலந்த எதையும் பழகிய பிறகும் வாங்காமலிருப்பதே என் முடிவு. சைவக் கழிவையும் வேகவைத்தே தீர வேண்டும். மேசையில் ஒருவர் வீட்டிலிருந்து கொண்டுவந்த பொட்டலத்தைப் பிரித்துத் தின்றிருக்கலாம், வேலையாட்களின் சாப்பாடு அதே வாளிக்குள் விழுந்திருக்கலாம்.

நம் ஊரில் இதோடு தனியாகக் கவனிக்க வேண்டியது கொடை விழா. சுடலைமாடன் கோயில் போன்ற இடங்களில் ஆடு, கோழியோடு பன்றியும் பலியாகக் கொடுக்கப்படுவதுண்டு. கொடை முடிந்த மறுநாள் மிச்சச் சோற்றை நல்ல மனத்தோடு அழைத்துக் கொடுப்பார்கள். அந்தச் சோற்றில் எந்தப் பண்ணையிலிருந்து வந்ததென்று தெரியாத பன்றியின் எலும்பும் கறியும் இருக்கும். அதை மரியாதையாக மறுத்துவிடுவது நல்லது. கேரள எல்லையிலுள்ள புளியரை வழியாகவோ வேறு வழியாகவோ இரவில் வண்டியில் வந்து குறைந்த விலைக்குத் தள்ளிவிடப்படும் கழிவையும் அவ்வாறே மறுக்க வேண்டும். 2024 டிசம்பரில் நடுக்கல்லூர், கோடகநல்லூர் பக்கங்களில் கேரளத்து மருத்துவமனைக் கழிவு கொட்டப்பட்டு, பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்ட பிறகே திருப்பி எடுத்துச் செல்லப்பட்டது. யாருடைய சமையற்கட்டிலிருந்து வந்தது என்று பெயர் சொல்ல முடியாத கழிவில் ஊசியும் பஞ்சும்கூட இருக்கலாம். குப்பைக் கிடங்கில் பொறுக்கிய உணவுக்கும் இதே விதிதான்.

ஓட்டல்காரரிடம் வாங்கத் தொடங்குமுன் மூடியுள்ள இரண்டு பிளாஸ்டிக் டிரம்களை நாமே கொடுத்துவிட வேண்டும். உணவு மட்டும் அதில் விழட்டும். தரை கழுவிய தண்ணீர், பினாயில், சோப்பு நுரை ஆகியவை விழக்கூடாது. தவசுப்பிள்ளையிடமும் பாத்திரம் தேய்ப்பவரிடமும் இதை நேரில் சொல்லிப் பழக்க வேண்டும். முதலாளியிடம் மட்டும் சொல்லிவிட்டு வந்தால், டிரம்முக்குள் கைவைப்பவருக்கு அது தெரியாமலே போய்விடும்.

பாத்திரமும் அடுப்பும்

பலரும் 200 லிட்டர் இரும்பு டிரம்மை நிமிர்த்தி வைத்து, அதன் அடியில் தீ மூட்டுகிறார்கள். சோறும் பருப்பும் சேர்ந்த கெட்டியான கழிவில் சூடு தானாக மேலே ஏறிச் சுழலாது. அடி தீய்ந்து, ஓரங்களில் குமிழி விட்டு, மேலே ஆவி பறக்கும். நடுவே கைபொறுக்கும் சூடுதான் இருக்கும். ஆவியைப் பார்த்து வெந்துவிட்டதென்று இறக்கியவர், நடுவிலிருந்த பகுதியை ஏறக்குறையப் பச்சையாகவே கொடுத்திருக்கிறார்.

ஆகவே டிரம்மை நெடுக்குவாட்டில் இரண்டாக அறுத்து, இரண்டு படகுத் தொட்டிகளாகச் செய்துகொள்வதே ஏற்றது. ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு முழத்துக்கும் குறைவான ஆழமுடையதாக இருக்கும். அடிப்பரப்பு அகன்றிருப்பதால் தீ முழுவதும் பரவும், துடுப்பும் மூலை வரை எட்டும். சமையல் எண்ணெய் வந்த டிரம்தான் வேண்டும். ரசாயனமோ பூச்சிமருந்தோ வந்தது ஆகாது. டிரம்மை வெல்டிங் பட்டறையில் கொடுத்து, உள்ளே நன்றாகக் கழுவித் தண்ணீர் நிரப்பிய பிறகே அறுக்கச் சொல்ல வேண்டும். உள்ளே தங்கிய ஆவி அறுக்கும்போது பறக்கும் தீப்பொறியில் பற்றி வெடிப்பதுண்டு.

தொட்டிகளைச் செங்கல் அடுப்பின் மேல் பக்கம் பக்கமாக வைத்து, சுற்றிலும் மண் பூசி, பின்புறம் புகை போக வழி விட வேண்டும். உடைமர விறகு நின்று எரியும். தென்னை மட்டையும் பனை மட்டையும் மூட்டுவதற்கு உதவும். கல்யாணச் சமையலில் பயன்படும் நீளமான மரத்துடுப்பு ஒன்றும், முனையில் கம்பியுள்ள உணவு வெப்பமானி ஒன்றும் வேண்டும். இரண்டுக்கும் ஆகும் செலவு ஒரு பன்றிக்குட்டியின் விலையைவிடக் குறைவு.

ஒரு நாள் வேலை

ஏறத்தாழ 60 கிலோ எடையுள்ள பத்துப் பன்றிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஓட்டல் கழிவில் நாலில் மூன்று பங்கு தண்ணீர்தான். ஒரு பன்றிக்கு நாளுக்கு 6 கிலோ கழிவு கொடுத்தால் அதில் உலர்ந்த தீவனம் ஒன்றரைக் கிலோவே இருக்கும், அதிலும் பெரும்பகுதி சோற்று மாவுச்சத்து. எனவே பன்றி ஒன்றுக்கு முக்கால் கிலோ அளவில் தவிடும் கடலைப் புண்ணாக்கும், அவற்றோடு தாது உப்புக் கலவையும் தனியாகக் கொடுக்க வேண்டும். கழிவை மட்டுமே கொடுத்து வளர்த்த பன்றி தொப்பை போடும், சதை பிடிக்காது. ஆகப் பத்துப் பன்றிகளுக்கு நாளுக்கு 60 கிலோ கழிவு போதும். கிடைக்கிறதே என்று 100 கிலோ கொண்டுவந்தால் மீதி அங்கேயே புளித்து ஈயையும் எலியையும் காக்கையையும் கூட்டும்.

காலை ஐந்தரைக்கு ஓட்டலிலிருந்து டிரம் வந்துவிட்டால், ஆறு மணிக்குள் பிரிக்கும் வேலையைத் தொடங்கலாம். சிமெண்டுத் தளத்தில் கொட்டி, கையுறையோடு கிளறிப் பார்க்க வேண்டும். சாம்பார் கட்டிய பிளாஸ்டிக் கவர், ரப்பர் பேண்டு, ஸ்டேப்ளர் பின், பல்குச்சி, பேப்பர் இலை, உடைந்த கண்ணாடி, எலும்பு எல்லாவற்றையும் வெளியே எடுக்க வேண்டும். வாழை இலையைப் பன்றி தின்னும்; ஆனால் முழு இலையாகச் சுருண்டு கிடந்தால் அதன் மடிப்புக்குள் சூடு புகாது. ஆகவே நறுக்கிப் போட வேண்டும். உறைந்து கட்டியான சோற்றையும், முழுக் காய்களையும் இரண்டு விரல் பருமனுக்கு உடைக்க வேண்டும். பூசணம் பிடித்ததை வேகவைத்தும் கொடுக்கக்கூடாது. கிருமி சாகுமே தவிர, பூசணத்தின் நஞ்சு கொதிக்கும் சூட்டில் அழியாது. பினாயில் வாடை அடிக்கும் டிரம்மை அப்படியே ஒதுக்கிவிட வேண்டும்.

அடுப்பில் முதலில் தண்ணீரைத்தான் ஏற்ற வேண்டும். தொட்டிக்குப் பன்னிரண்டு லிட்டர் வீதம் ஊற்றி, அது கொதிக்கத் தொடங்கியதும் கழிவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கிளறினால் அடி பிடிக்காது. தொட்டி ஒன்றுக்கு 30 கிலோ கழிவு. பாதிக்கு மேல் நிறையாததால் பொங்கி வழியாது. கூழ் துடுப்பிலிருந்து வழிந்து விழும் பதத்தில் இருக்க வேண்டும். துடுப்பில் அப்பிக்கொண்டு நின்றால் இன்னும் தண்ணீர் சேர்க்க வேண்டும். ஏழு மணிக்கு மூட்டிய தீயில் எட்டரை மணி வாக்கில் முழுவதும் கொதிநிலைக்கு வரும். இவ்வளவுக்கும் 12 முதல் 15 கிலோ விறகு பிடிக்கும். காற்று அடிக்கும் திறந்த அடுப்பானால் இன்னும் கூடும்.

இங்கேதான் நேரக்கணக்கு தொடங்குகிறது. உலக விலங்கு நல அமைப்பு உணவுக்கழிவுக்கு விதித்துள்ள அளவு, குறைந்தது 90 டிகிரி செல்சியஸ் சூட்டில், இடைவிடாது கிளறியபடி, குறைந்தது 60 நிமிடம் என்பதாகும். அந்த அறுபது நிமிடத்தைத் தீ மூட்டியதிலிருந்தோ ஓரத்தில் முதல் குமிழி வந்ததிலிருந்தோ எண்ணக்கூடாது. வெப்பமானியின் முனையைத் தொட்டியின் நடுவில், பாதி ஆழத்தில் செருகிப் பார்க்க வேண்டும். பிறகு இரு முனைகளிலும் பார்க்க வேண்டும். மூன்று இடத்திலும் 90ஐத் தாண்டிய நேரத்தைச் சுவரில் கரியால் எழுதிவிட்டு, அதிலிருந்து ஒரு மணி நேரம். இடையில் சூடு 90க்குக் கீழே இறங்கினால் மறுபடியும் முதலிலிருந்து எண்ண வேண்டும். பாதியில் யாரேனும் ஒரு வாளி கழிவைப் புதிதாகக் கொண்டுவந்து கொட்டினாலும் அப்படித்தான். அப்படிப் பின்னால் வரும் வாளியைக் கொட்டுவதையும் மறுநாளைக்கு வைப்பதையும்விடத் திருப்பி அனுப்பிவிடுவதே நல்லது.

வெப்பமானி பழுதாகிவிட்ட நாளில் ஒரு வழி உண்டு. கிளறுவதைச் சற்று நிறுத்திப் பார்த்தால், ஓரத்தில் மட்டுமன்றித் தொட்டியின் நட்ட நடுவிலும் கூழ் தளதளவென்று கொதிக்க வேண்டும். அப்படிக் கொதித்த பிறகு ஒரு மணி நேரம் கொதிக்க விட வேண்டும். உள்ளிருந்து எடுத்த பெரிய காய்த்துண்டு ஒன்றைக் கரண்டியால் அழுத்தினால் நடுப்பகுதியும் மசிய வேண்டும். கடினமாக இருந்தால் துண்டுகள் பெரியவை என்று பொருள்.

ஒன்பதரைக்குத் தீயை இழுத்துவிட்டு, காலைக்கு வேண்டிய பாதியைத் தீனித் தொட்டியில் பரப்பி, கை வைத்தால் வெதுவெதுப்பாகத் தெரியும்வரை ஆறவிட வேண்டும். பத்தரை மணிக்குள் கொடுத்துவிடலாம். மீதிப் பாதியை மூடிபோட்டுத் தணல்மேலேயே மாலை நாலு மணி வரை வைத்திருக்க வேண்டும். அதன் சூடு 60 டிகிரிக்குக் கீழே இறங்கக்கூடாது. வெந்த சோறு நம் வெயிலில் வெதுவெதுப்பாகப் பல மணி நேரம் கிடந்தால், கொதியிலும் சாகாத சில கிருமி வித்துகள் முளைத்து நஞ்சு விடும். தணல் அணைந்து ஆறிப்போயிருந்தால் அந்தப் பாதியைக் கொடுக்காமல் எருக்குழியில் புதைத்துவிட வேண்டும். மறுநாளைக்கு எதையும் எடுத்து வைக்கக்கூடாது.

வெந்ததும் வேகாததும்

நன்றாக வேகவைத்தும் நோய் வந்த கொட்டில்களில், வேகாத கழிவு வந்த வாளியிலேயே வெந்ததை அள்ளிக் கொடுத்த பழக்கத்தைப் பார்க்கலாம். வாளியின் விளிம்பில் ஒட்டிய ஒரு துண்டு போதும். ஆகவே இடத்தை இரண்டாகப் பிரித்துவிட வேண்டும். கழிவு வந்து இறங்கிப் பிரிக்கப்படும் தளம் ஒரு பக்கம், கொட்டில் மறுபக்கம், அடுப்பு இடையில். தளத்தில் வடியும் நீர் கொட்டில் பக்கம் ஓடாதபடி சரிவு வேண்டும். அந்தப் பக்கத்துக்குச் சிவப்பு வாளி, கொட்டில் பக்கத்துக்கு நீல வாளி என்று நிறத்தால் பிரித்துவிட்டால் வேலைக்குப் புதிதாக வருபவருக்கும் குழப்பம் வராது. துடுப்பு கூழுக்குள் கிடந்தபடியே ஒரு மணி நேரம் வேகட்டும். இடையில் அதை எடுத்துத் தளத்தில் சாய்க்கக்கூடாது.

பிரித்தவர் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, செருப்பை மாற்றிய பிறகே கொட்டிலுக்குள் போக வேண்டும். தனி ஆள் வைக்க வசதியிருந்தால் இன்னும் நன்று. தளத்தைச் சுற்றி வலை கட்டி, நாயையும் காக்கையையும் உள்ளே விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். காக்கை தூக்கிச் சென்று கொட்டிலில் போடும் கறித்துண்டை எந்த அடுப்பும் வேகவைப்பதில்லை. ஓட்டல் டிரம்களையும் கழுவி வெயிலில் காயவைத்தே திருப்பி அனுப்ப வேண்டும்.

வேகவைத்தும் தீராத உப்பு

சாம்பார், ரசம், ஊறுகாய், அப்பளம், கருவாட்டுக் குழம்பு எல்லாம் உப்பு மிகுந்தவை. கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் சுண்டி உப்பு இன்னும் ஏறும். தண்ணீர் தாராளமாகக் கிடைக்கும் பன்றி அந்த உப்பைச் சிறுநீரில் வெளியேற்றிவிடும். கோடையில் குழாய் நின்றோ தொட்டி காலியாகியோ பன்றிக்குத் தண்ணீர் கிடைக்காத நாளில்தான் உப்பு நஞ்சாகிறது. பன்றி கண் தெரியாததுபோல் சுவரில் முட்டும், குறிக்கோளின்றி நடக்கும், நாய்போல் உட்கார்ந்து பின்னோக்கிச் சாய்ந்து வலிப்பு வரும். அப்போது ஒரேயடியாகத் தண்ணீரைத் திறந்துவிட்டால் மூளை வீங்கிச் சாவு விரைவாகும். சிறிது சிறிதாக, இடைவெளி விட்டுக் கொடுத்துக்கொண்டே மருத்துவரை அழைக்க வேண்டும். ஊறுகாயையும் கருவாட்டையும் பிரிக்கும்போதே ஒதுக்கி, பன்றி ஒன்றுக்கு நாளுக்குப் பத்து லிட்டருக்குக் குறையாமல் நல்ல தண்ணீர் எப்போதும் கிடைக்கச் செய்தால் இந்த நிலை வராது.

பால் மறந்த குட்டிகளுக்கு இரண்டு மாதம் ஆகும்வரை கழிவு வேண்டாம். தீவனத்திலிருந்து கழிவுக்கு மாற்றுவதையும் ஒரே நாளில் செய்யாமல், ஒரு வாரம் பத்து நாளில் சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும். இல்லையென்றால் கழிச்சல் வரும்.

சந்தேகம் வந்தால்

பன்றியின் இயல்பான உடற்சூடு 39 டிகிரியை ஒட்டியிருக்கும். அது 41ஐத் தொட்டு, தீனி எடுக்காமல் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து கிடந்து, காதிலும் வயிற்றிலும் தோல் சிவந்தோ நீலம் பாய்ந்தோ தெரிந்தால், அல்லது அறிகுறியே இல்லாமல் ஒன்றிரண்டு திடீரென்று செத்தால், ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் என்றே எண்ணிக்கொண்டு நடக்க வேண்டும். தொற்று உள்ளே போன பிறகு அறிகுறி தெரிய நான்கு நாளிலிருந்து பத்தொன்பது நாள் வரை ஆகலாம். அதனால் முந்தைய மூன்று வாரத்தில் எந்தக் கடையிலிருந்து என்ன வந்தது என்பதை நினைவிலிருந்து சொல்ல முடியாது. வந்த கடை, எடை, 90 டிகிரி தாண்டிய நேரம், இறக்கிய நேரம் ஆகிய நான்கையும் நாள்தோறும் ஒரு நோட்டில் எழுதி வைத்திருப்பவரிடமே மருத்துவருக்கு விடை கிடைக்கும்.

அன்றே கழிவு வாங்குவதை நிறுத்தி, 1962 என்ற எண்ணுக்கோ அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்கோ சொல்ல வேண்டும். ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஆனால் செத்த பன்றியை வண்டியில் ஏற்றிக்கொண்டு அங்கே போகக்கூடாது. வழியெல்லாம் நோயைச் சிந்திக்கொண்டு போவதாகிவிடும். மாதிரி எடுக்க அவர்களே வர வேண்டும். வயிற்றைக் கிழித்துப் பார்க்கவும் கூடாது. மிஞ்சியவற்றை விற்றுவிடலாம் என்று வியாபாரியை அழைப்பதுதான் மிகப் பெரிய தீங்கு. இந்நோய் உறுதியானால் சுற்றிலும் ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கும் பன்றிகளையெல்லாம் அழிக்க நேரிடும். விற்ற பன்றி போன ஊரிலும் அதுவே நடக்கும்; அந்த இறைச்சியின் மிச்சம் இன்னொரு கழிவு வாளிக்குள் விழும். மருத்துவர் வரும்வரை கொட்டிலைச் சாத்தி, வாசலில் சுண்ணாம்பு தூவி, உள்ளே போய்வரும் ஒருவரைத் தவிர வேறு யாரையும் விடாமல் வைத்திருக்க வேண்டும். செத்ததை அவர் காட்டும் இடத்தில் ஆள் ஆழக் குழியில் சுண்ணாம்பிட்டுப் புதைத்து, நாய் தோண்டாதபடி மேலே முள் அடைக்க வேண்டும்.